வாடிக்கையாளர் இடத்தில் கன்சைன்மென்ட் சரக்கு: உரிமையும் பில்லும்

வாங்குபவரின் அலமாரியில் இருந்தாலும், பயன்படுத்தும்வரை விற்பவருக்கே சொந்தமாக இருப்பது கன்சைன்மென்ட் சரக்கு. எலும்பு முறிவு அறுவைக்கான ஸ்க்ரூக்கள் பல மருத்துவமனைகளில் இப்படித்தான் இருக்கின்றன. எந்த நீளம் பொருந்தும் என்பது ஆபரேஷன் தியேட்டரில் எலும்பைத் துளையிட்டு அளந்த பிறகே தெரியும். அதனால் எல்லா அளவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். ஆனால் அத்தனைக்கும் முன்பணம் முடக்க மருத்துவமனை விரும்பாது.

சரக்கு வந்து இறங்கியதுமே விற்பனை முடிந்துவிட்டது என்று கணக்கெழுதுவது இங்கே தவறு. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு இதற்கு வழிகாட்டுகிறது. 'விற்றால் விலை, இல்லையேல் திருப்பி அனுப்பல்' என்று அனுப்பிய பொருளை வாங்குபவர் ஏற்பதாகச் சொன்னாலோ, ஏற்றதற்கு அடையாளமான செயலைச் செய்தாலோ, குறித்த கெடுவுக்குள் மறுக்காமல் வைத்துக்கொண்டாலோ உரிமை மாறும். எலும்பில் ஏறிய ஸ்க்ரூவைவிடத் தெளிவான ஏற்பு ஏது?

ஜனவரி 10 அன்று டெலிவரி சலான் போட்டு 40 ஸ்க்ரூ போகிறது என்று வைப்போம். மார்ச்சில் ஓர் அறுவையில் 6 செலவாகின்றன. உறையிலிருந்த ஸ்டிக்கர்கள் நோயாளியின் கோப்பிலும் பயன்பாட்டுச் சீட்டிலும் ஒட்டப்படுகின்றன. அந்தச் சீட்டை வைத்து 6-க்கு மட்டும் இன்வாய்ஸ் போட வேண்டும். மீதி 34 விற்பவரின் இருப்பிலேயே தொடரும். எண்ணிப் பார்க்கையில் 32 மட்டுமே இருந்தால், பெரும்பாலும் சீட்டு எழுத மறந்திருப்பார்கள், அல்லது உறை பிரித்தும் பயன்படுத்தாமல் இரண்டை ஒதுக்கியிருப்பார்கள். பிரித்த உறைக்கு யார் பணம் தருவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் தகராறு நிச்சயம்.

சிக்கல் ஜூலையில் வரும். ஜிஎஸ்டி சட்டத்தின் 31(7) பிரிவின்படி, இப்படி அனுப்பிய சரக்குக்கு விற்பனை நடக்கும்போதோ, அனுப்பிய நாளிலிருந்து 6 மாதத்திலோ, எது முந்தியதோ அன்று இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அப்படியானால் ஜூலையில் உரிமையும் மாறிவிடுகிறதே என்று கேட்கலாம். வரிக்கெடு தன்னளவில் உரிமையை மாற்றாது. உரிமை மாற்றம் ஒப்பந்தத்தையும் நடத்தையையும் பொறுத்தது. ஆனால் ஒப்பந்தமே 6 மாதத்தைத் திருப்பிக்கொடுக்கும் கெடுவாக வைத்திருந்தால், 24-ஆம் பிரிவின்படி உரிமையும் அன்றே போய்விடும். அதனால்தான் யாரும் கேட்காத நீளங்களைக் கெடுவுக்கு முன்பே சலானோடு திரும்ப எடுத்துவிடுவது நல்லது.

சரக்கு மருத்துவமனையின் கைவசம்தானே, தொலைந்தால் அவர்கள் பொறுப்புதானே, அதனால் உரிமையும் அவர்களுடையதே என்ற வாதமும் உண்டு. 26-ஆம் பிரிவின்படி நஷ்டப் பொறுப்பு சாதாரணமாக உரிமையோடு சேர்ந்தே போகும். ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் அதை மட்டும் தனியே வாங்குபவர் தலையில் வைக்கலாம். மருத்துவமனை நடத்தும் நிறுவனம் திவாலானால் இந்த வேறுபாட்டின் விலை தெரியும். பிறருக்குச் சொந்தமாக இருந்து அதன் வசம் இருக்கும் பொருளைத் திவால் சட்டம் அதன் சொத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் எந்த ஸ்க்ரூ தன்னுடையது என்பதை விற்பவர் சலானையும் லாட் எண்ணையும் காட்டி நிரூபித்தாக வேண்டும்.