ரிப்போர்ட்டில் 'எஸ்' பட்டை இருந்தால் சிக்கிள் செல் என்று அர்த்தமா? ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரசிஸ் சொல்வதும் சொல்லாததும்

புனேவின் கட்கி ஒரு ராணுவக் கன்டோன்மென்ட் பகுதி. நாட்டின் பல மூலைகளில் இருந்து வந்தவர்கள் அங்கே வசிக்கிறார்கள். ஊருக்கு ஊர் ஹீமோகுளோபின் வகையும் மாறும். விதர்பாவின் சில சமூகங்களில் 'எஸ்' வகை (சிக்கிள் செல்) அதிகம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952-லேயே பதிவானது. பஞ்சாபில் 'டி', வடகிழக்கில் 'இ' வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன.

எப்படிப் பிரிக்கிறார்கள்?

முதலில் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினை வெளியே எடுப்பார்கள். அதில் ஒரு துளியை, பி.எச். சுமார் 8.6 உள்ள கரைசலில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் தாளில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். அந்தக் கரைசலில் ஹீமோகுளோபினுக்கு எதிர்மின்சுமை இருக்கும். அதனால் அது நேர்மின்முனையை நோக்கி ஓடும்.

வழக்கமான 'ஏ' வகை முன்னால் ஓடும். 'எஸ்' வகையிலோ, எதிர்மின்சுமை உள்ள ஒரு அமினோ அமிலத்தின் இடத்தில் மின்சுமையே இல்லாத வாலின் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது பின்தங்கிவிடும். லைனஸ் பாலிங் குழு 1949-இல் நிரூபித்தது இந்த வேறுபாட்டைத்தான்.

சிக்கல் எங்கே?

தாள் பார்ப்பது மின்சுமையை மட்டும்தான். 'எஸ்', 'டி' இரண்டுக்கும் மின்சுமை ஒன்றே என்பதால், இரண்டும் ஒரே இடத்தில் பட்டையாக நிற்கும்.

ஒரு கற்பனை உதாரணம். கட்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பதி குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். மனைவிக்கு 'ஏ2' 5.4%. இது 3.5%-ஐத் தாண்டினால் பொதுவாக பீட்டா தலசீமியா கேரியர் என்று பொருள். கணவருக்கு 'ஏ' 60%, 'எஸ்' இடத்தில் 37%. அவரும் கேரியர்தான், ஆனால் எதற்கு? இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

கணவரின் பட்டை 'எஸ்' என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு சிக்கிள்-பீட்டா தலசீமியா வர 25% வாய்ப்பு. கடும் வலி, அடிக்கடி ஆஸ்பத்திரி என்று வாழ்க்கை போகக்கூடிய நோய் அது. பட்டை 'டி' என்றாலும் அதே 25%தான். ஆனால் வருவது பெரும்பாலும் லேசான ரத்தசோகை.

இதைப் பிரிக்க இரண்டாவது டெஸ்ட் வேண்டும். பி.எச். 6.2 அளவிலான சிட்ரேட் அகாரில் ஓட்டினால் 'எஸ்' தனியாகப் பிரியும், 'டி' போய் 'ஏ'யுடன் சேர்ந்துகொள்ளும். கரைதிறன் சோதனையில் 'எஸ்' கலங்கலாகும், 'டி' தெளிவாகவே இருக்கும். எச்.பி.எல்.சி. கருவியிலும் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும்.

ரிப்போர்ட் எப்போது ஏமாற்றும்?

கடும் இரும்புச்சத்துக் குறைபாடு 'ஏ2' அளவை இறக்கிவிடும். அப்போது தலசீமியா கேரியர்கூட நார்மல் போலத் தெரியலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், தாளில் தெரிவதில் ஒரு பங்கு கொடையாளருடைய ஹீமோகுளோபின். அதனால் சுமார் 3 மாதம் கழித்து டெஸ்ட் எடுப்பது நல்லது. ஆல்ஃபா தலசீமியா கேரியர்களுக்கோ பட்டைகள் பெரும்பாலும் நார்மலாகவே வரும்.

எனவே ரிப்போர்ட்டில் 'எஸ்' என்று பார்த்தால், எந்த இரண்டாவது டெஸ்டில் அதை உறுதி செய்தார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.