ஏழடுக்கு உசாத்துணை மாதிரி: முதலாம் வருட மாணவர்களுக்கான பதிவு

ஏழடுக்கு உசாத்துணை மாதிரி (ஓஎஸ்ஐ மாதிரி) என்பது இரண்டு கணினிகள் தமக்குள் தரவு பரிமாறும் வேலையை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும் சர்வதேச நியமம். கீழிருந்து மேலாக அவை பௌதிகம், தரவு இணைப்பு, வலையமைப்பு, போக்குவரத்து, அமர்வு, முன்வைப்பு, பிரயோகம். ஓர் அடுக்கு தனக்குக் கீழுள்ளதிடம் எந்தச் சேவையைக் கேட்கலாம், மேலுள்ளதற்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமே மாதிரி சொல்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பது அந்தந்த அடுக்கின் நடப்பொழுங்குகளின் பாடு.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலேயே இது வந்துவிடுகிறது. கல்முனை, நற்பிட்டிமுனைப் பக்கமிருந்து வரும் மாணவர்கள் ஏழு பெயர்களையும் ஒப்புவித்தபடியேதான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: “சேர், இன்டர்நெட் ஓடுவது டிசிபி, ஐபியில். இந்த ஏழடுக்கில் ஓடும் வலையமைப்பு எங்கேயும் இல்லை. பிறகு ஏன் இதைப் படிக்க வேண்டும்?” கேள்வி நியாயமானது. மாதிரி எங்கிருந்து வந்தது, எதில் தோற்றது, எதில் தோற்கவில்லை என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். இந்தப் பதிவை அவர்களுக்கு ஒரு விரிவுரையாளர் எழுதிய கடிதமாகவும் வாசிக்கலாம்.

பிறப்பு

1970களின் நடுவில் ஒவ்வொரு கணினி நிறுவனத்துக்கும் சொந்தமாக ஒரு வலையமைப்பு முறை இருந்தது. ஐபிஎம் 1974இல் எஸ்என்ஏவை அறிவித்தது. டிஜிட்டல் நிறுவனம் டெக்நெட்டைக் கொண்டுவந்தது. ஒரு நிறுவனத்தின் கணினியை வாங்கியவர் அதே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் மாட்டிக்கொண்டார். இதை உடைக்க, சர்வதேச நியம நிறுவனமான ஐஎஸ்ஓ 1977இல் ஒரு துணைக்குழுவை அமைத்தது. தலைவர் சார்ல்ஸ் பாக்மன். தரவுத்தளத் துறையில் செய்த வேலைக்காக 1973இல் டியூரிங் விருது பெற்றவர், அப்போது ஹனிவெல் நிறுவனத்தில் இருந்தார். 1978இல் வாஷிங்டனில் குழு முதன்முறை கூடியபோது ஹனிவெல்லின் ஏழடுக்கு வடிவம் கையோடு வந்திருந்தது. ஏழு என்ற எண்ணை எந்த இயற்கை விதியும் கொடுக்கவில்லை. மேசையில் ஆயத்தமாக இருந்த வரைவு ஏழாக இருந்தது, அது நிலைத்துவிட்டது.

பிரான்சின் ஹூபேர் சிம்மர்மன் 1980இல் எழுதிய கட்டுரைதான் மாதிரியை உலகுக்கு விளக்கியது. எங்கே கோடு போட்டு ஓர் அடுக்கைப் பிரிக்கலாம் என்பதற்கு அதில் சில விதிகளைத் தருகிறார். அவற்றில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஓர் அடுக்கின் உள்வேலையை முழுவதும் மாற்றினாலும் மேலடுக்கும் கீழடுக்கும் அதை உணரக் கூடாது. செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு ஃபைபர் போட்டாலும் உங்கள் உலாவியை மாற்ற வேண்டியிராததற்கு இந்த எண்ணம்தான் காரணம். மாதிரி 1984இல் ஐஎஸ்ஓ 7498 என்ற எண்ணில் நியமமாக வெளியானது.

தோல்வி

அந்தக் குழுவுக்குள் ஓயாத ஒரு சண்டை இருந்தது. ஐரோப்பிய அரசுத் தொலைபேசித் திணைக்களங்களுக்கு, பேசுமுன் இணைப்பை ஏற்படுத்தி, தரவு ஒழுங்காகப் போய்ச் சேருவதை வலையமைப்பே உறுதிசெய்யும் முறை பிடித்திருந்தது. 1976இல் வந்த எக்ஸ்.25 அந்த வகை. பிரான்சின் லூயி பூசானின் சிக்லாட் வலையமைப்பைச் சேர்ந்தவர்களும் பல கணினிக்காரர்களும் எதிர்ப்பக்கம். வலையமைப்பு ஒவ்வொரு பொதியையும் தனித்தனியாக அனுப்பினால் போதும், தொலைந்ததை இரு முனைகளிலும் உள்ள கணினிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. விளைவாக, போக்குவரத்து அடுக்குக்கு மட்டும் ஐந்து வகை நடப்பொழுங்குகள் எழுதப்பட்டன. கீழேயுள்ள வலையமைப்பை முழுதாக நம்பி அநேகமாக எதுவும் செய்யாதது பூச்சிய வகை. எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் தானே சரிபார்ப்பது நான்காம் வகை. பூச்சியத்தை மட்டும் எழுதியவரின் கணினியும் நான்கை மட்டும் எழுதியவரின் கணினியும் ஒன்றோடொன்று பேசாது. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போன நியமம் தன் முதல் நோக்கத்தையே கோட்டைவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கிடையில் ஆர்பாநெட் 1983 ஜனவரி 1ஆந் திகதி டிசிபி/ஐபிக்கு மாறிவிட்டது. அமெரிக்க அரசு 1990இலிருந்து தன் கொள்வனவுகளில் ஓஎஸ்ஐயைக் கட்டாயமாக்கிப் பார்த்தது, 1995இல் கைவிட்டது. டிசிபி/ஐபி மென்பொருள் கையில் கிடைத்தது, ஓடியது. ஓஎஸ்ஐயின் நியமப் புத்தகங்களைப் பெறவே காசு கொடுக்க வேண்டியிருந்தது.

1995இல்தான் நம் பகுதிக்கும் பல்கலைக்கழகக் கல்லூரி கிடைத்தது. அடுத்த ஆண்டு அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. நம் பகுதியில் உயர்கல்வி காலூன்றிய வருடமும் ஓஎஸ்ஐ போட்டியிலிருந்து விலகிய வருடமும் ஒன்றுதான். ஆகவே இங்கே படித்தவர்களுக்கு ஓஎஸ்ஐ வெறும் மாதிரியாகத்தான் அறிமுகம். அதன் நடப்பொழுங்குகள் எல்லாமே அழிந்தன என்றும் சொல்ல முடியாது. பெரிய இணையச் சேவை நிறுவனங்களின் முதுகெலும்பில் வழி கண்டுபிடிக்கும் ஐஎஸ்-ஐஎஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். உலாவியில் பூட்டுச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்.509 சான்றிதழும் 1988இல் அங்கிருந்து வந்தது.

ஒரு பழுதும் ஏழு அடுக்கும்

நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய ரவுட்டர் பழுதாகி, கல்முனைக் கடையொன்றில் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் செய்தி போகிறது. ஒரு சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை. ஃபயர்ஃபொக்சின் கீழ் மூலையில் `Performing a TLS handshake` என்று வந்து அப்படியே நிற்கிறது. வீட்டார் ‘லைன் ஸ்லோ’ என்கிறார்கள். சேவை நிறுவனத்துக்கு எடுத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

அடுக்கு தெரிந்தவர் கீழிருந்து வருவார். காணொளி ஓடுவதால் பௌதிகம் சரி. தளத்தின் பெயர் ஐபி முகவரியாக மாறுகிறது, அந்த முகவரிக்கு பிங் போகிறது, எனவே வலையமைப்பு அடுக்கும் சரி போலத் தெரிகிறது. டிசிபி இணைப்பும் ஏற்படுகிறது, இல்லாவிட்டால் கைகுலுக்கல் வரையே வந்திராது. இதுவரை போய்வந்த பொதிகள் எல்லாம் சிறியவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அடுத்து வழங்கி தன் சான்றிதழை அனுப்ப வேண்டும், அது சில ஆயிரம் பைட். முதன்முறையாகப் பெரிய பொதி வருகிறது, அங்கேயே நிற்கிறது. அப்படியானால் அளவைச் சோதிக்க வேண்டும்:

```
ping -f -l 1472 1.1.1.1
ping -f -l 1464 1.1.1.1
```

`-f` என்றால் பொதியை வழியில் உடைக்காதே என்று பொருள். 1472 பைட் தரவோடு 8 பைட் ஐசிஎம்பி தலைப்பும் 20 பைட் ஐபி தலைப்பும் சேர்ந்தால் 1500. ஈதர்நெட் சட்டகம் ஒன்று சுமக்கும் உச்சம் அதுதான். முதல் கட்டளைக்கு `Packet needs to be fragmented but DF set.` என்றும் இரண்டாவதற்கு ஒழுங்கான பதிலும் வந்தால், பாதையின் உச்சம் 1492. குறைந்த 8 பைட்டும் பிபிபிஓஇ தலைப்புக்குப் போனவை. பயனர்பெயர், கடவுச்சொல் கேட்டு இணையும் வீட்டு இணைப்புகளில் அநேகமாக இருப்பது இதுதான், இரண்டாம் அடுக்கின் சங்கதி.

1492 ஆக இருப்பது பழுதல்ல. நம் கணினிக்கு ஈதர்நெட் மட்டும்தான் தெரியும், எனவே ஒரு துண்டில் 1460 பைட் வரை அனுப்பலாம் என்று வழங்கிக்குச் சொல்லிவிடுகிறது. நல்ல ரவுட்டர் இடையில் புகுந்து அந்த எம்எஸ்எஸ் எண்ணை 1452 ஆகத் திருத்தும், புதிய ரவுட்டர் அதைச் செய்யவில்லை. வழங்கி 1500 பைட் பொதியை அனுப்புகிறது. சேவை நிறுவனத்தின் பக்கத்துக் கருவியால் அதை 1492க்குள் திணிக்க முடியாது, ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று ஐசிஎம்பி தகவலைத் திருப்பி அனுப்புகிறது. வழங்கிக்கு முன்னாலுள்ள தீச்சுவரில் யாரோ ஐசிஎம்பி முழுவதையும் அடைத்து வைத்திருந்தால் அந்தத் தகவல் போய்ச் சேராது. வழங்கி அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். ஐசிஎம்பியை அடைக்காத தளங்கள் திறக்கும், அடைத்த தளங்கள் திறக்காது. பழுது ‘சில தளங்களில் மட்டும்’ தெரிவது இதனால்தான்.

ஊகத்தை உறுதிசெய்ய வயர்ஷார்க்கைத் திறந்து, வழங்கியிலிருந்து வரும் `[SYN, ACK]` வரியைப் பார்க்கலாம். திருத்தும் ரவுட்டர்கள் பொதுவாக இரண்டு திசையிலும் திருத்தும். ஆகவே அங்கே `MSS=1460` என்று இருந்தால் இடையில் யாரும் கைவைக்கவில்லை. சற்றுக் கீழே `[TCP Previous segment not captured]` என்று வந்தால், பெரிய துண்டு தொலைந்து அதன் பின்வந்த சிறிய துண்டு மட்டும் சேர்ந்திருக்கிறது. கடைசிச் சோதனை, கணினிக்கே 1492 என்று சொல்லிப் பார்ப்பது:

```
netsh interface ipv4 set subinterface "Wi-Fi" mtu=1492 store=active
```

நிர்வாகி உரிமையோடு இதை ஓடவிட்டதும் தளம் திறந்தால் பழுது அகப்பட்டுவிட்டது. நிரந்தர மருந்து ரவுட்டரில் எம்எஸ்எஸ் திருத்தத்தை இயக்குவது. இல்லாவிட்டால் வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லைகள்

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க உதவியது அடுக்கு மாதிரி. ஆனால் மாதிரி சொல்வதுபோல அடுக்குகள் ஒன்றையொன்று உணராமல் இருந்திருந்தால் இந்தப் பழுதே வந்திருக்காது. இரண்டாம் அடுக்கின் 8 பைட் நான்காம் அடுக்கின் எண்ணைப் பொய்யாக்கியது. மருந்தும் அடுக்கு மீறல்தான்: மூன்றாம் அடுக்கோடு நிற்க வேண்டிய ரவுட்டர் நான்காம் அடுக்கின் தலைப்புக்குள் கைவிட்டு எண்ணை மாற்றுகிறது. இணையப் பொறியாளர்களுக்கு இது புதிதல்ல. 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3439, அடுக்குப் பிரிப்பே தீங்காகலாம் என்று ஒரு பகுதி முழுக்க வாதிடுகிறது. ஐந்தாம், ஆறாம் அடுக்குகளோ இணையத்தில் தனி அடுக்குகளாக ஒருபோதும் வாழவில்லை. 1989இன் ஆர்எஃப்சி 1122 நான்கு அடுக்கோடு முடித்துக்கொண்டது. பரீட்சையில் டிஎல்எஸ் எந்த அடுக்கு என்று ஒற்றை விடை கேட்பவர் மாணவருக்கு அநியாயம் செய்கிறார்.

அதே வீட்டில் யூடியூப் ஏன் தடையின்றி ஓடியது? அது பெரும்பாலும் 2021இல் ஆர்எஃப்சி 9000 ஆக நியமமான குவிக்கில் ஓடுகிறது. குவிக், டிசிபியின் வேலையையும் டிஎல்எஸ் கைகுலுக்கலையும் ஒன்றாக்கி யுடிபியின்மேல் வைத்துக்கொள்கிறது. போக்குவரத்தும் மறைகுறியாக்கமும் ஒரே உடம்பாகிவிட்டதால் ஏழடுக்குப் படத்தில் அதற்குச் சரியான இடம் இல்லை. தலைப்பின் பெரும்பகுதி மறைகுறியாக்கப்படுவதால் ரவுட்டரால் உள்ளே கைவிட்டு எண் திருத்தவும் முடியாது. அதனால் குவிக் 1200 பைட் அளவிலிருந்து தொடங்கி, அதைவிடப் பெரிய பொதி போகுமா என்பதை ஐசிஎம்பியை நம்பியிராமல் தானே அனுப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டது. 1200 பைட்டுக்கு 1492 தாராளம்.