மூட்டைப் பருப்பும் ராச்டேல் கணக்கும்

நம் வளாகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து மொத்தக் கடையில் மளிகை வாங்கத் தொடங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். முதல் மாதமே ஒரு தவறு நடந்தது. 50 கிலோ துவரம்பருப்பு மூட்டையை முழுவதும் பதிவு செய்துவிட்டு, வரிசையாக எடை போட்டுக் கொடுத்தோம். பொட்டலம் போடும்போது கீழே சிந்துவதும், ஒவ்வொருவருக்கும் தராசு முள் கொஞ்சம் தாராளமாகவே நிற்பதும் வழக்கம்தானே. கடைசியில் நின்றவர் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு மாமி. 2 கிலோவுக்குப் பணம் கட்டியவருக்கு ஒன்றரைக் கிலோதான் மிஞ்சியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் காசாளர் கூண்டில் உட்கார்ந்த எனக்கு அது உறுத்தியது. குறைவு வந்தால் அது யார் தலையில் விழ வேண்டும்? மிச்சம் வந்தால் யாருக்குப் போக வேண்டும்? பி.காம். படிக்கும்போது கூட்டுறவுப் பாடத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்த ராச்டேல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ராச்டேல், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள நெசவு ஊர். 1840-களில் அங்கே கூலி குறைவு. மளிகைக் கடையில் கடன் வைத்தால்தான் அடுப்பெரியும். கடன் வைத்தவன் சரக்கைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது. மாவில் படிகாரமும் சுண்ணக்கட்டித் தூளும் கலப்பது அன்றைய இங்கிலாந்தில் சாதாரணமாக நடந்தது.

அந்த ஊரில் 1833-லேயே ஒரு கூட்டுக் கடை திறந்து, இரண்டே ஆண்டில் மூடிவிட்டார்கள். உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்ததுதான் காரணம். தெரிந்தவர்தானே, அடுத்த வாரம் தருவார் என்று விட்டுவிட்டு, மொத்த வியாபாரிக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் போயிற்று. (வங்கியில் வாராக்கடன் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.)

1844-ல் மறுபடி முயன்றவர்கள் இதை மறக்கவில்லை. 28 பேர், ஆளுக்கு ஒரு பவுண்ட் பங்கு. அதை ஒரே தவணையில் கட்ட வசதி இல்லாததால் வாரம் இரண்டு பென்னி, பிறகு மூன்று பென்னி என்று சேர்த்தார்கள். அன்றைய கணக்கில் ஒரு பவுண்ட் என்பது 240 பென்னி. வாரம் இரண்டு பென்னி என்றால் எத்தனை வாரம் ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21-ஆம் தேதி மாலை டோட் லேன் என்ற தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தில் கடை திறந்தது. இருந்த சரக்கு கொஞ்சம் வெண்ணெய், ஏறத்தாழ 25 கிலோ சர்க்கரை, 300 கிலோ மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்திகள். சாமுவேல் ஆஷ்வொர்த் எடை போட, வில்லியம் கூப்பர் பணம் வாங்கினார். கடன் கிடையாது.

அவர்கள் செய்த இரண்டு காரியங்கள்தான் நமக்கு முக்கியம். சரக்கை மலிவாக விற்கவில்லை. ஊர்க்கடை விலைக்கே விற்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்து, பங்குத் தொகைக்குச் சிறு வட்டி ஒதுக்கி, மிஞ்சிய லாபத்தை யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். தலைக்கு இவ்வளவு என்றோ, போட்ட முதலுக்கு இவ்வளவு என்றோ பங்கு பிரிக்கவில்லை. 1845 முடிவில் உறுப்பினர் 74, வியாபாரம் 710 பவுண்ட், லாபம் 22 பவுண்ட். நூற்றுக்கு மூன்று சொச்சம்தான்!

முதலிலேயே விலை குறைத்து விற்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விலை சொல்லும் நேரத்தில் சேதாரம் எவ்வளவு, வண்டிச் செலவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. குறைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு "இன்னும் பத்து ரூபாய் கொடுங்கள்" என்று கதவைத் தட்டுவதைவிட, கூடுதலாக வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது சுலபம்.

நம் சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் இந்த ராச்டேல் வழியில் வந்ததுதான். டியூசிஎஸ் என்றால் பழைய ஆட்களுக்குப் புரியும்.

நாங்களும் மூன்றாம் மாதத்திலிருந்து இந்த முறைக்கு மாறினோம். அந்த மாதக் கணக்கைச் சொல்கிறேன். துவரம்பருப்பு 50 கிலோ, கிலோ 115 வீதம் 5,750 ரூபாய். சர்க்கரை 50 கிலோ, கிலோ 41 வீதம் 2,050. வண்டி வாடகை, சுமைகூலி, பை எல்லாம் சேர்த்து 624. ஆகச் செலவு 8,424.

ஒவ்வொரு மூட்டையிலும் 48 கிலோவுக்கு மட்டுமே பதிவு எடுத்தோம். மீதி 2 கிலோ சேதாரத்துக்கு. அதனால் வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் முழு எடை கிடைக்கும். கடைசியில் மிஞ்சுவதைக் கடை விலைக்கு விற்று அடுத்த மாதக் கணக்கில் சேர்க்கிறோம். வசூல், தெருமுனைக் கடை விலையில். பருப்பு 150 வீதம் 7,200, சர்க்கரை 45 வீதம் 2,160, மொத்தம் 9,360. மிச்சம் 936. அதாவது ரூபாய்க்குப் பத்துப் பைசா.

24 வீடுகள். "ஆளுக்கு 39 ரூபாய் கொடுத்துவிடுங்கள் சார், சுலபமாக முடியும்" என்றார் ஒருவர். ஆனால் ஐந்து கிலோ பருப்பும் இரண்டு கிலோ சர்க்கரையும் எடுத்த வீடு கட்டியது 840. ஒரு கிலோ பருப்பு மட்டும் எடுத்த வீடு கட்டியது 150. இருவருக்கும் 39 என்றால் பெரிய குடும்பம் அடுத்த முறை ஏன் வரும்? பெரிய கொள்முதல் இல்லாவிட்டால் மூட்டையே வாங்க முடியாது. ராச்டேல் முறையில் முதல் வீட்டுக்கு 84, இரண்டாவது வீட்டுக்கு 15.

சரி, நியாயம் முடிந்தது என்று நினைத்தேன். இரவில் நோட்டை மறுபடி பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது. வண்டி சுமப்பது எடையை. இரண்டும் 50 கிலோ என்பதால் செலவும் பாதிப் பாதி, ஆளுக்கு 312. சர்க்கரைக்கு 2,050-உடன் 312 சேர்த்தால் 2,362. வந்ததோ 2,160. சர்க்கரையில் 202 ரூபாய் நஷ்டம்! பருப்பில் வந்த 1,138 ரூபாய்தான் அதை மூடியிருக்கிறது. சர்க்கரை மட்டும் ஐந்து கிலோ வாங்கியவருக்கும் நாங்கள் 22 ரூபாய் 50 காசு கொடுத்திருக்கிறோம். பருப்பு வாங்கியவர் பணம் அது. எல்லாச் சரக்கையும் ஒரே கூடையாக வைத்து ஈவு கொடுத்தால் இது வரத்தான் செய்யும்.

சர்க்கரையில் கடைக்காரருக்கே லாபம் சொற்பம், எடையோ பருப்பு அளவுதான். அதை மூட்டையாக வாங்கி நமக்கு ஆவது ஒன்றுமில்லை. உளுந்து, துவரம்பருப்பு, மிளகாய் வற்றல் மாதிரி கிலோ விலை அதிகமுள்ள சரக்கில்தான் வண்டிச் செலவு தாங்கும். ஆனால் பருப்பை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கச் சொல்லாதீர்கள். மழைக்காலத்தில் வண்டு வைத்துவிடும், அந்தச் சேதாரம் இந்த நோட்டில் வராது.

வரும் மாதத்திலிருந்து ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பக்கம். வண்டிச் செலவு எடைப்படி பிரியும், மிச்சம் அந்தந்தச் சரக்கை வாங்கியவருக்கே போகும். நோட்டு சங்க அறையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். சர்க்கரை இல்லை. பணம் 5-ஆம் தேதிக்குள் முன்கூட்டியே வந்தால்தான் பெயர் ஏறும், என் வீட்டுக்கும் அதே விதிதான். மூன்றாம் மாடி மாமியிடம் போய் முதல் மாதத்து அரைக் கிலோவுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த முறை அவர் ஒரு கிலோ உளுந்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.