வெப்பமானியின் சாட்சியம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களில் இரசாயனம் கற்பித்த ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியர், தம் மாணவர்க்கு ஓர் எளிய உண்மையை எடுத்துரைப்பது வழக்கம். தீயும் வெயிலும் புகாத ஓர் அறையில் இரும்பு, கல், மரம், கம்பளி, நீர் எனப் பல பொருள்களை நெடுநேரம் வைத்துவிட்டு, ஒரு வெப்பமானியை ஒவ்வொன்றிலும் மாறி மாறி வைத்துப் பார்த்தால், அது எல்லாவற்றிலும் ஒரே பாகையைக் காட்டும் என்பதே அது. கையோ வேறு சாட்சி சொல்லும். இரும்பைத் தொட்டால் குளிர்கிறது. கம்பளியைத் தொட்டால் அவ்வாறு தோன்றுவதில்லை. இரும்பு கையின் வெப்பத்தை விரைவாகக் கடத்திச் செல்வதே இதற்குக் காரணம். பொருளின் வெப்பநிலையைக் கை அறிவதில்லை. தான் வெப்பத்தை இழக்கும் வேகத்தையே அது உணர்கிறது. பிளாக் 1799ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய விரிவுரைகள் 1803இல் நூலாக வெளிவந்தன.

ஆயினும், வெப்பமானியின் சாட்சியத்தை மட்டும் நம்புவது எவ்வாறு? அதில் நாம் காண்பது கண்ணாடிக் குழாயினுள் நிற்கும் இரசத்தின் நீளமே. அந்த நீளம் வெப்பமானியின் சொந்த நிலையைச் சொல்கிறதேயன்றி, இரும்பைப் பற்றியோ நீரைப் பற்றியோ நேராக ஒன்றும் சொல்வதில்லை. ஒரு பொருளும் வெப்பமானியும் தொட்டிருக்க, வெப்பம் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்வது நின்றுபோனால், அவை வெப்பச் சமநிலை அடைந்தன என்கிறோம். இரும்பும் வெப்பமானியும் சமநிலையில் உள்ளன. பின்னர் நீரும் அதே வெப்பமானியும் அதே குறியில் சமநிலையில் உள்ளன. இரும்பும் நீரும் ஒன்றையொன்று தொட்டதேயில்லை. தொட்டால் அவற்றிடையே வெப்பம் பாயாது என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்விக்கு விடையாக நிற்பதே வெப்பவியக்கவியலின் பூச்சிய விதி. இரு பொருள்கள் தனித்தனியே மூன்றாவது பொருளொன்றோடு வெப்பச் சமநிலையில் இருப்பின், அவ்விரண்டும் தம்முள்ளும் வெப்பச் சமநிலையில் இருக்கும் என்பது அவ்விதி. இது கேட்ட அளவில் சொல்லவே தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் எல்லா உறவுகளும் இத்தன்மையன அல்ல. காந்தம் ஓர் இரும்பாணியை ஈர்க்கும். மற்றோர் இரும்பாணியையும் ஈர்க்கும். அதனால் காந்தமேறாத அவ்விரு ஆணிகளும் ஒன்றையொன்று ஈர்த்துவிடுவதில்லை. வெப்பச் சமநிலை அவ்வாறின்றி மூன்றாவதன் வழியாகவும் செல்லும் என்பதைத் தருக்கத்தால் அன்றி, அனுபவத்தாலேயே அறிகிறோம். ஆகவேதான் அது ஒரு விதி. அது பொய்யாயின், ஒரே குறியைக் காட்டும் இரு பொருள்களுக்குப் பொதுவான பண்பு ஒன்று உண்டு என்று சொல்ல இயலாது. வெப்பநிலை என்ற சொல்லே பொருளற்றதாகிவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சமநிலை எய்திய பின்னரே குறியைப் படிக்க வேண்டும். அவ்வாறு எய்தும்போது வெப்பமானியும் பொருளை மாற்றிவிடுகிறது. 80 பாகை செல்சியஸில் 10 கிராம் நீர் உள்ளதாகக் கொள்வோம். 30 பாகையிலுள்ள ஒரு வெப்பமானி, 2 கிராம் நீர் ஏற்கும் அளவு வெப்பத்தை ஏற்பது என்க. அதை நீரில் இட்டால், பத்தை எண்பதாலும் இரண்டை முப்பதாலும் பெருக்கிக் கூட்டிய 860ஐப் பன்னிரண்டால் வகுக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 71.7 பாகையே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. நீர் தன் பழைய நிலையில் இல்லை. 1,000 கிராம் நீரில் அதே கருவியை இட்டால், 79.9 பாகை காட்டும். அளக்கப்படும் பொருளை நோக்க வெப்பமானி மிகச் சிறிதாக இருக்கவேண்டியதன் காரணம் இதுவே.

பூச்சிய விதி எதைத் தருவதில்லை என்பதையும் அறிதல் நன்று. இரு பொருள்களின் வெப்பநிலை சமம் என்பதற்கு அது பிணை நிற்கிறது. அதற்கு எந்த எண்ணை இடுவது என்பதை அது சொல்வதில்லை. பாரன்ஹைட் உறைநிலைக்கு 32 என்று எழுதினார். 1742இல் செல்சியஸ் நீரின் கொதிநிலைக்குப் பூச்சியமும் உறைநிலைக்கு 100உம் இட்டார். பின்னர் வந்தோர் அதைத் தலைகீழாக மாற்றினர். இவை யாவும் மனிதர் செய்த தெரிவுகள். இரச வெப்பமானியையும் சாராய வெப்பமானியையும் இரு நிலைகளில் ஒத்துப்போகுமாறு குறியிட்டு, இடைவெளியைச் சம பாகங்களாகப் பிரித்தால், நடுவே சாராயம் சற்றுக் குறைத்துக் காட்டும். சூடு ஏற ஏற அது கூடுதலாக விரிவதே காரணம். எனினும் இரண்டும் ஓர் உண்மையில் முரண்படுவதில்லை: ஒரு கருவி சமம் என்று காட்டும் இரு பொருள்களை மற்றக் கருவியும் சமம் என்றே காட்டும். எந்தப் பதார்த்தத்தையும் சாராத அளவைக்கு வழியை 1848இல் வில்லியம் தொம்சன் காட்டினார். அதற்கு இரண்டாம் விதியின் துணை வேண்டியிருந்தது.

இவ்வுண்மையை மாக்ஸ்வெல் 1871இல் தம் நூலில் தெளிவாக எடுத்துரைத்தார். எனினும் அதற்குப் பூச்சிய விதி என்ற பெயர் வழங்கியது இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளிலேயாம். றால்ஃப் ஃபௌலரும் குகன்ஹைமும் 1939இல் வெளியிட்ட நூலில் அப்பெயர் இடம்பெற்றது. அதற்குள் முதலாம், இரண்டாம், மூன்றாம் விதிகள் தத்தம் எண்களைப் பெற்றுவிட்டன. அவை யாவும் வெப்பநிலை என்பதை முன்கொண்டே பேசுவதால், அதற்கு அடிப்படையான விதியை அவற்றின் பின்னே நான்காவதாக வைப்பது பொருந்தாது. ஒன்றுக்கு முன்னே எஞ்சியிருந்த எண் பூச்சியமே.