குரங்கு மனிதனான ஆறு படிகள்

1877, கிறிஸ்துமஸ் சமயம். இங்கிலாந்தில் ஜூலியா, எதெல் என்ற அக்கா தங்கை இருவருக்கும் பொழுதே போகவில்லை. விளையாட ஏதாவது சொல்லும்படி நச்சரித்தார்கள். அவர்களிடம் மாட்டியவர் 'ஆலிஸின் அற்புத உலகம்' எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியார். அவர் ஒரு விதி சொன்னார்: ஒரு சொல்லில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற வேண்டும், வருவதும் சொல்லாக இருக்க வேண்டும், இப்படியே மாற்றிக் கொடுக்கப்பட்ட இன்னொரு சொல்லைத் தொட வேண்டும்.

1879 மார்ச்சில் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை இதைப் போட்டியாகவே வெளியிட்டது. சங்கிலி குறுகினால் மதிப்பெண் கூடும். டார்வின் பேச்சு அடங்காத அந்தக் காலத்தில், கரோல் குரங்கையே மனிதனாக்கிக் காட்டினார். ஆறு மாற்றங்கள். ஆனால் அதைவிடக் குறுகிய வழி ஒன்று பக்கத்திலேயே கிடந்தது!

```
APE ARE ERE ERR EAR MAR MAN
APE APT OPT OAT MAT MAN
```

இரண்டாவது வழியில் ஐந்தே மாற்றங்கள். குரங்கில் உயிரெழுத்து முதலிலும் கடைசியிலும், மனிதனில் நடுவில். இடம் மாற, இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்கும் பாலம் தேவை. EAR அப்படியொரு பாலம், OAT இன்னொன்று. எந்தப் பாலத்துக்கு முதலில் போய்ச் சேரலாம் என்பதை ஊகத்தால் அறிய முடியாது. கரோலே கோட்டைவிட்ட இந்த இடத்துக்கு விடை வேறொரு துறையில் பிறந்தது.

1959இல் எட்வர்ட் மூர் என்ற அமெரிக்கர், புதிர்ப்பாதையில் குறுக்கு வழி தேடும் முறையை அச்சிட்டார். வாசலில் 0. அதை ஒட்டிய இடங்களுக்கெல்லாம் 1. அவற்றை ஒட்டிய, இன்னும் எண் பெறாத இடங்களுக்கு 2. குளத்தில் கல் விழுந்த அலைபோல எண்கள் பரவும். ஓரிடத்தை முதலில் தொடும் அலையின் எண்தான் அதற்கான மிகக் குறைந்த தூரம். எங்கிருந்து வந்தோம் என்பதையும் குறித்துக்கொண்டால், முடிவிலிருந்து பின்னோக்கி வழியை எடுத்துவிடலாம். இடங்களுக்குப் பதில் சொற்களை வைத்தால்?

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் அதைச் செய்தார். 5,757 ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, ஓரெழுத்து மட்டும் வேறுபடும் சொற்களைக் கோட்டால் இணைத்தார். 671 சொற்களுக்கு அண்டைச் சொல்லே இல்லை. அலை அங்கே போகவே போகாது. இன்று நிரலாக்க வகுப்பிலும் வேலைக்கான நேர்காணலிலும் கேட்கப்படும் 'சொல் ஏணி' கணக்கும் இதே வகைதான். தமிழுக்கு வந்தபோதுதான் அது தடுக்கி விழுந்தது.

புலியை மலைக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புலி, வலி, வலை, மலை: மூன்று மாற்றங்கள். மலிதலின் வேரான 'மலி'யையும் சொல்லாக ஏற்றால் புலி, மலி, மலை என இரண்டே போதும். எழுத்துகள் இரண்டும் வேறுபடுவதால் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஆக, எது மிகக் குறுகியது என்பதை அகராதியும் தீர்மானிக்கிறது. ஆனால் கணினி 'புலி'யை ப, உகரக் குறி, ல, இகரக் குறி என்று நான்காகச் சேமிக்கிறது, 'மலை'யை மூன்றாக. நீளமே பொருந்தாததால், ஆங்கிலத்துக்கு எழுதிய நிரல் ஏணியே இல்லை என்று கைவிரிக்கும். முதலில் உயிர்மெய்களை முழு எழுத்துகளாகச் சேர்த்து எண்ணச் சொல்லிக்கொடுத்த பிறகே அலை புலியிடமிருந்து புறப்படும்.