நெல்லிக்காயில் வைட்டமின் சி: எவ்வளவு உள்ளது, எவ்வளவு நம்மைச் சேர்கிறது

நெல்லிக்காய் வைட்டமின் சி மிகுந்த கனிகளுள் ஒன்றாகும். உலகில் அசெரோலா போன்ற சில கனிகள் இதனினும் மிகுதியாக அச்சத்தைக் கொண்டுள்ளன. எனினும், நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் கனிகளுள் நெல்லிக்காயே முன்னிலை வகிக்கிறது. இப்பக்கத்தில் கூறப்படுவது பெருநெல்லி அல்லது முழுநெல்லி எனப்படும் காயாகும். கொத்துக்கொத்தாகக் காய்க்கும், விளிம்புகளுடன் கூடிய அரைநெல்லி வேறொரு மரத்தின் காய். புளிப்பு ஒத்திருந்தாலும், அதில் வைட்டமின் சி மிகக் குறைவு. ஆகவே, ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைக் கொள்ளலாகாது.

வைட்டமின் சி எதற்குத் தேவை?

தோல், ஈறு, இரத்தக் குழாய், எலும்பு ஆகியவற்றைப் பிணைத்து நிறுத்தும் கொலாஜன் என்ற புரதத்தை உடல் உருவாக்க வைட்டமின் சி இன்றியமையாதது. மனித உடலால் இச்சத்தைத் தானே உருவாக்கிக்கொள்ள இயலாது. நாள்தோறும் உணவிலிருந்தே பெறவேண்டும். சில மாதங்கள் இது கிடைக்காவிடில் ஸ்கர்வி என்னும் நோய் தோன்றும். ஈறு வீங்கி இரத்தம் கசிதல், தோலில் சிறு இரத்தப் புள்ளிகள், ஆறாத புண், மூட்டு வலி, கடும் சோர்வு ஆகியன அதன் அறிகுறிகள்.

1939-40ஆம் ஆண்டுகளில், அன்றைய பஞ்சாபின் ஹிஸ்ஸார் பகுதியில் பஞ்சம் நிலவியபோது பலர் ஸ்கர்விக்கு ஆளாயினர். அப்போது உலர்ந்த நெல்லிப்பொடி அவர்களுக்கு மருந்தாக வழங்கப்பட்டுப் பயனளித்தது. நெல்லியை முறையாக உலர்த்தினால், நோயைத் தீர்க்கும் அளவுக்குச் சத்து எஞ்சி நிற்கும் என்பதற்கு இது சான்றாகும்.

அளவுகள் ஏன் வேறுபடுகின்றன?

நூறு கிராம் நெல்லிக்காயில் 600 மி.கி. வைட்டமின் சி உள்ளதாகப் பல நூல்களில் நீங்கள் படித்திருக்கலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முன்னர் வெளியிட்ட அட்டவணையில் காணப்படும் அளவு அது. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணை ஏறத்தாழ 250 மி.கி. என்று குறிப்பிடுகிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காயின் வகை, முதிர்ச்சி, விளைந்த இடம் ஆகியன காரணமாகலாம். அளக்கும் முறையும் ஒரு காரணமாகலாம். பழைய முறையில் ஒரு சாயத்தின் நிறம் எவ்வளவு மறைகிறது என்பதைக் கொண்டு வைட்டமின் கணக்கிடப்பட்டது. நெல்லியில் மிகுந்துள்ள துவர்ப்புப் பொருள்களும் அச்சாயத்தின் நிறத்தை மாற்றக்கூடும் என்பதால், விடை உண்மையைவிடக் கூடுதலாகத் தோன்ற வாய்ப்புண்டு. புதிய முறைகள் வைட்டமினைத் தனியே பிரித்து அளக்கின்றன.

குறைந்த அளவான 250 மி.கி. என்பதைக் கொண்டாலும், அது ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைப்போல் சுமார் ஐந்து மடங்காகும். கொய்யா மட்டுமே இதற்கு அருகில் வருகிறது.

ஒரு நாளைக்கு எத்தனை காய்?

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி., பெண்ணுக்கு 65 மி.கி., கருவுற்றவருக்கு 80 மி.கி., பாலூட்டும் தாய்க்கு 115 மி.கி. என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது.

சந்தையில் கிடைக்கும் பெரிய காய் ஒன்று சுமார் 40 கிராம் எடை கொண்டதெனக் கொள்வோம். கொட்டையை நீக்கினால் 36 கிராம் சதை கிடைக்கும். நூறு கிராமுக்கு 250 மி.கி. என்ற கணக்கில், அதில் 90 மி.கி. வைட்டமின் சி இருக்கும். எனவே, பச்சையாக உண்ணும் ஒரு பெரிய காய் வளர்ந்தவரின் ஒரு நாள் தேவையை நிறைவு செய்கிறது. சிறிய நாட்டுக் காயாயின் இரண்டு தேவைப்படும். பல காய்களை ஒரே நேரத்தில் உண்பதால் பயன் அதற்கேற்பப் பெருகாது. அளவு கூடக்கூடக் குடல் உறிஞ்சும் விகிதம் குறையும். மிகுதியானது சிறுநீரில் வெளியேறும்.

சத்து எங்கே இழக்கப்படுகிறது?

வைட்டமின் சி வெப்பம், காற்று, செம்பு ஆகியவற்றால் அழியும், நீரிலும் கரையும். நெல்லியின் மிகுந்த புளிப்பு இவ்வழிவைத் தாமதப்படுத்துகிறது; ஆனால் முற்றிலும் தடுப்பதில்லை. எனவே, காயை வேகவைத்து நீரை வடித்துவிட்டால், சத்தின் ஒரு பகுதி அந்நீருடன் போய்விடும். சாற்றைப் பிழிந்து நெடுநேரம் திறந்து வைப்பதும், செம்புப் பாத்திரத்தில் வைப்பதும் இழப்பை மிகுவிக்கும். உண்பதற்குச் சற்று முன் நறுக்குவதே நன்று. தேன்நெல்லி, மிட்டாய், ஊறுகாய் ஆகியவற்றில் சத்து குறைவதோடு, சர்க்கரையோ உப்போ மிகுதியாகச் சேர்கிறது. நீரிழிவு அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

இரும்புக் கத்தியால் நறுக்கும்போது காய் கருநீலமாக மாறுவது கெட்டுப்போனதன் அடையாளமன்று. துவர்ப்புப் பொருள்கள் இரும்புடன் சேர்வதால் ஏற்படும் நிறம் அது.

வேறு என்ன உள்ளது?

காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேல் நீர். நார்ச்சத்தும் பெக்டினும் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளன. புரதமும் கொழுப்பும் மிகக் குறைவு. கால்சியம், இரும்பு போன்ற தாதுக்கள் சிறிதளவே இருப்பதால், அவற்றிற்காக நெல்லியை நம்பியிருக்க இயலாது.

நெல்லியின் தனித்தன்மை அதன் துவர்ப்பில் உள்ளது. காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட டானின் வகைப் பொருள்களே நாவில் துவர்ப்பை ஏற்படுத்துகின்றன. இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் தன்மை உடையவை என ஆய்வகங்களில் அறியப்பட்டுள்ளது. ஆயினும், ஆய்வகத்தில் காணப்படும் விளைவு நோயாளியின் உடலிலும் அவ்வாறே நிகழும் என்று கொள்ள இயலாது. நெல்லிக்காய் புற்றுநோயையோ நீரிழிவையோ குணப்படுத்தும் என்னும் கூற்றுகளை நம்பி, மருத்துவர் அளித்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி உதவுகிறது. இரத்தசோகை உள்ளவர்கள் பச்சை நெல்லியை உணவுடன் துவையலாகவோ பச்சடியாகவோ சேர்த்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை பரிந்துரைக்கப்பட்டிருப்பின் அதனைத் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும்.

யார் மருத்துவரைக் கேட்கவேண்டும்?

உணவாக நாளொன்றுக்கு ஓரிரு காய் உண்பது பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. பொடி, செறிவூட்டிய சாறு, மாத்திரை ஆகியவற்றை நாள்தோறும் உட்கொள்ள விரும்பினால், கீழ்க்கண்டவர்கள் முன்னதாக மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும்:

- தலசீமியா போன்ற காரணங்களால் உடலில் இரும்பு மிகுந்துள்ளவர்கள்
- சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள்
- இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள்
- சர்க்கரையைக் குறைக்கும் மருந்து அல்லது இன்சுலின் பயன்படுத்துபவர்கள்

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு அருந்துவதைத் தவிர்க்கவேண்டும். காயை உண்டபின் வாயை நீரால் கொப்பளிப்பது, அமிலத்தால் பல்லின் மேற்பூச்சு தேய்வதைக் குறைக்கும்.

ஈறில் தொடர்ந்து இரத்தம் கசிந்தாலோ, காரணமின்றித் தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றினாலோ, நெல்லிக்காய் உண்டு காத்திராமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். வைட்டமின் குறைவு தவிர, இரத்தம் சார்ந்த வேறு நோய்களும் இவ்வறிகுறிகளைத் தோற்றுவிக்கும்.