கிரெடிட் கார்டு நிலுவை மாற்றம்: கட்டணம், சலுகைக் காலம், பிந்தைய வட்டி

ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் அடைபடாமல் நிற்கும் கடனை, குறைந்த வட்டி தருவதாகச் சொல்லும் வேறொரு வங்கியின் கார்டுக்குக் கொண்டுபோவது நிலுவை மாற்றம். வழக்கில் இதை ‘பேலன்ஸ் டிரான்ஸ்பர்’ என்றே சொல்கிறார்கள். புது வங்கி பழைய கார்டின் கணக்கில் பணத்தைக் கட்டிவிடும். கடன்காரர் இனிமேல் புது வங்கிக்குக் கட்ட வேண்டும். கடன் குறைவதில்லை, கை மாறுகிறது, அவ்வளவுதான். ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கு இடையே இப்படி மாற்றிக்கொள்ள முடியாது. மாற்றக்கூடிய தொகையும் புது கார்டின் கடன் வரம்புக்குள் அடங்க வேண்டும்.

இந்தச் சலுகையின் விலை மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: முதலிலேயே பிடிக்கும் செயலாக்கக் கட்டணம், குறைந்த வட்டி நீடிக்கும் காலம், அந்தக் காலம் முடிந்ததும் மீதித் தொகையின் மேல் ஏறும் வட்டி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இரண்டாவது மட்டும். மூன்றையும் ரூபாயாக மாற்றி, ஒரே தொகையாகக் கூட்டினால்தான் இரண்டு சலுகைகளை ஒப்பிட முடியும்.

இந்திய கார்டுகளில் சலுகை இல்லாத நிலுவைக்கு மாதம் 3.5% வட்டி பரவலாக இருக்கிறது, ஆண்டுக்கு 42%. இதற்கு மேல் வரி உண்டு. வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு அந்த விலக்கு இல்லை, 18% சேரும். ஆக, 3.5% என்பது உண்மையில் மாதம் 4.13%. செயலாக்கக் கட்டணத்துக்கும் அதே 18% உண்டு. சலுகைக் கடிதங்களில் இந்த வரி பெரும்பாலும் ‘கூடுதலாக’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு 60,000 ரூபாய் நிலுவை; பழைய கார்டில் வட்டி மாதம் 3.5%. அவர் முன் இரண்டு சலுகைகள் இருக்கின்றன. முதலாவது: மூன்று மாதம் வட்டியே இல்லை, 2% கட்டணம். இரண்டாவது: கட்டணம் இல்லை, ஆறு மாதத்துக்கு மாதம் 1.7% வட்டி. காலம் முடிந்தால் இரண்டிலுமே 3.5%. மாதத் தொடக்கத்தில் நிற்கும் அசலுக்கு வட்டி போட்டு, வரியையும் சேர்த்துப் பார்ப்போம். வங்கிகள் நாள் கணக்கில் போடுவதால் உண்மைத் தொகை சற்று மாறலாம், வரிசை மாறாது.

முதல் சலுகையின் கட்டணம் 1,200 ரூபாய், வரியோடு 1,416. மாதம் 20,000 வீதம் அசலைக் கட்ட முடிந்தால் மூன்றே மாதத்தில் கடன் தீரும். மொத்தச் செலவு அந்த 1,416 மட்டும். இரண்டாவது சலுகையில் இதே வேகத்தில் கட்டினால் ஏறத்தாழ 2,400 ரூபாய் ஆகும். பழைய கார்டிலேயே இருந்திருந்தால் 4,956. முதலாவதே மேல், ஐயமில்லை. ஆனால் ‘வட்டியே இல்லை’ என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். 60,000, 40,000, 20,000 என்று குறைந்துவரும் அசலுக்கு 1,200 ரூபாய் கட்டணம் என்றால், அது மாதம் சரியாக 1% வட்டிக்குச் சமம்.

மாதம் 10,000தான் முடியும் என்றால் கணக்கு நெருங்கிவிடுகிறது. முதல் சலுகையில் மூன்று மாத முடிவில் 30,000 மீதி நிற்கும். அதன் மேல் அடுத்த மூன்று மாதத்துக்கு முழு வட்டி ஏறி, கட்டணத்தோடு மொத்தம் 3,894 ஆகும். இரண்டாவதில் ஏறத்தாழ 4,210. வித்தியாசம் முந்நூறு ரூபாய்ச் சொச்சம்.

மாதம் 5,000தான் என்றால் வரிசையே தலைகீழ். முதல் சலுகையின் காலம் முடியும்போது 45,000 ரூபாய் நிற்கிறது. அது தீர இன்னும் ஒன்பது மாதம் முழு வட்டி. மொத்தச் செலவு ஏறத்தாழ 10,710. இரண்டாவதில் ஏறத்தாழ 10,050. வட்டியில்லாச் சலுகை, வட்டியுள்ள சலுகையைவிட விலை கூடிவிட்டது. ஆகவே எந்தச் சலுகை மலிவு என்ற கேள்விக்கு விடை கடிதத்தில் இல்லை. கட்டுபவரின் மாதத் தொகையில் இருக்கிறது. நிலுவையைச் சலுகை மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையைக் கட்ட முடியுமா என்று பார்ப்பதே முதல் சோதனை. முடியாதவருக்குப் பிந்தைய வட்டிதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

அந்தப் பிந்தைய வட்டிக்கு மேல்வரம்பு எதுவும் இப்போது இல்லை. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

கணக்கு சரியாக இருந்தும் சலுகை கெடுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில். ஒன்று, புது கார்டிலேயே மளிகை, பெட்ரோல் என்று தேய்ப்பது. முந்தைய நிலுவை முழுதாகக் கட்டப்படாத கார்டில், புதிதாக வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் பொதுவாகப் போய்விடும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாற்றிய தொகை மட்டும் நிற்கும் கார்டில் இது எப்படி என்பது வங்கிக்கு வங்கி மாறுவதால், கார்டின் ‘மிக முக்கிய நிபந்தனைகள்’ தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த பில்லில் சிறு வாங்குதலுக்குக்கூட வட்டி வந்திருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்று, ஒரு தவணை தவறுவது. பல சலுகைகளில் குறைந்தபட்சத் தொகை தவறினாலே சலுகை ரத்தாகி வழக்கமான வட்டி வந்துவிடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதும் ஏறக்குறைய இதே ஆபத்துதான்; அது பொதுவாக நிலுவையில் 5 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், மேலே கண்ட மாதம் 5,000 ரூபாய்க்காரரைவிடவும் மெதுவாகவே அசல் குறையும்.

காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். பணம் அனுப்பிய நாளிலிருந்து எண்ணினால், முதல் பில் வருவதற்குள் பல நாட்கள் கழிந்திருக்கும். பணம் போய்ச் சேரும்வரை பழைய கார்டில் வட்டி நிற்காது. அங்கே மாற்றத்துக்குப் பிறகு வரும் பில்லில் சிறு தொகை எஞ்சியிருக்கும். ‘அந்தக் கணக்குதான் தீர்ந்துவிட்டதே’ என்று அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் விழும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க கார்டுகளைப் பற்றியது. அங்கே 3 முதல் 5% கட்டணத்துக்கு 15 முதல் 21 மாதம்வரை வட்டியில்லாச் சலுகைகள் உண்டு. 2009இல் வந்த சட்டப்படி சலுகை வட்டி குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும்; தவணை 60 நாள் தாமதமானால்தான் அதைப் பறிக்கலாம். அந்தக் கணக்கை இங்கே மூன்று மாதச் சலுகைக்குப் பொருத்திப் பார்ப்பது தவறான விடையே தரும்.

மாற்றாமலே இருப்பதும் சில வேளைகளில் மலிவு. மேலே கண்ட 60,000 ரூபாய்க்குப் பழைய கார்டில் 1,416 ரூபாய் வட்டி ஏற ஏறத்தாழ 17 நாளாகும். சேமிப்பிலிருந்தோ வரப்போகும் போனஸிலிருந்தோ அதற்குள் முழுக் கடனையும் அடைத்துவிட முடிகிறவருக்கு 2% கட்டணச் சலுகை நட்டமே.